அளவுச்சீட்டு காட்டும் ஊர்

*(திருப்பூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)*



காதர்பேட்டையில் சர்ப்ளஸ் துணி வாங்காதவர்கள் இந்த அரங்கில் அநேகமாக இருக்க மாட்டார்கள். அங்கே ஒரு பனியனைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் "ஜெர்மனி பீஸுங்கண்ணா" என்பார். பக்கத்துக் கடைக்காரர் அதே மாதிரி பனியனைக் காட்டி "யூஎஸ் ஆர்டருங்க" என்பார். கழுத்தில் இருந்த மெயின் லேபிளைக் கத்தரித்திருப்பார்கள். பிராண்டின் பெயர் வெளியே போகக்கூடாது என்பது பையர் போட்ட நிபந்தனை. ஆனால் நகம் அளவே இருக்கும் சைஸ் லேபிளும், பக்கத் தையலில் தொங்கும் வாஷ்கேர் லேபிளும் பல நேரம் தப்பித்துவிடும். அந்த இரண்டு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்காரர் சொன்னது மெய்யா என்று சரிபார்க்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலிலேயே ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். "மேட் இன் இந்தியா" என்பது எங்கே தைத்தார்கள் என்று சொல்லும். யாருக்காகத் தைத்தார்கள் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது அளவு எண். ஏனென்றால் ஒரு நாட்டுக் கடையில் நிற்கிற வாடிக்கையாளருக்கு எந்த எண் பழக்கமோ அந்த எண்ணைத்தான் பையர் கேட்பார். ஜெர்மனியில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு 104 கேட்பார். அமெரிக்கத் தாய் 4டி கேட்பார். இரண்டு துணியும் நம் ஊரில் ஒரே டேபிளில் வெட்டப்பட்டிருக்கலாம். சீட்டு மட்டும் வேறு.

ஆனால் தனியாக நிற்கும் எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்ல முயன்றால் ஏமாந்து போவோம். 40 என்ற எண் ஐந்தாறு நாடுகளில் ஐந்தாறு பொருளில் இருக்கிறது. எண் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, எண்ணோடு என்ன எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைச் செருப்பிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி.

இரண்டு அளவுகோல்கள்

உலகத்துக் காலணிகளில் பெரும்பகுதி இரண்டே அளவுகோல்களின் மேல் நிற்கிறது. ஒன்று இங்கிலாந்துடையது. பழைய ஆங்கில வழக்கில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம். காலணியில் ஒரு சைஸ் கூடினால் ஒரு மணி கூடும், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 8.5. கணக்கு நான்கு அங்குலத்தில் தொடங்குகிறது. அது குழந்தைகளின் பூஜ்யம். அங்கிருந்து 13 வரை ஏறி, மறுபடி 1 என்று பெரியவர்களுக்குத் தொடங்குகிறது. பெரியவர் 1 என்பது எட்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து ஏழு மணி கூட்டினால் 8-ஆம் நம்பர். நீளம் சரியாக 11 அங்குலம்.

மற்றொன்று பிரெஞ்சுக்காரர்களுடையது. அதைப் 'பாரிஸ் பாயின்ட்' என்பார்கள். ஒரு பாயின்ட் என்றால் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். பூஜ்யத்திலிருந்து நேராக எண்ணிக்கொண்டே போவார்கள். குழந்தைக்கு ஒரு கணக்கு, பெரியவருக்கு ஒரு கணக்கு என்று கிடையாது. ஆகவே 42 என்றால் 42 பாயின்ட், அதாவது 28 சென்டிமீட்டர். 11 அங்குலம் என்பது 27.94 சென்டிமீட்டர். யுகே 8-உம் ஐரோப்பிய 42-உம் ஒன்று என்று அட்டவணையில் போடுவது இதனால்தான்.

இந்த இரண்டும் காலை அளப்பதில்லை. காலணி செய்யும் அச்சை, ஆம்பூரில் 'லாஸ்ட்' என்று சொல்வார்களே, அதை அளக்கின்றன. விரல் அசைய இடம் வேண்டும் என்பதால் லாஸ்ட் காலைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாக இருக்கும். அதாவது 28 சென்டிமீட்டர் லாஸ்ட் ஏறக்குறைய 26.5 சென்டிமீட்டர் காலுக்குப் பொருந்தும். ஜப்பானும் கொரியாவும் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு நேராகக் காலின் நீளத்தையே எழுதுகின்றன. ஜப்பான் சென்டிமீட்டரில் 26.5 என்று போடும், கொரியா மில்லிமீட்டரில் 265 என்று போடும். மெக்சிகோவிலும் சென்டிமீட்டர் எண்தான் வழக்கம்.

இப்போது அந்த ஒரே காலை உலகம் சுற்ற விடுவோம். பிரிட்டனில் 8, ஐரோப்பாவில் 42, ஜப்பானில் 26.5, கொரியாவில் 265. அமெரிக்கா ஆங்கில மணியையே வைத்துக்கொண்டு தொடங்கும் இடத்தை மாற்றிவிட்டது. அதனால் ஆண்களுக்கு அங்கே 9, சில கம்பெனிகளில் எட்டரை. பெண்கள் காலணியில் இந்த வித்தியாசம் சுமார் இரண்டு எண். பிரேசில் பாரிஸ் பாயின்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு எண் கீழே இறக்கிவிட்டது, ஆகவே அங்கே 40.

265-ஐப் பார்த்தால் கொரியாவா என்று யோசிக்கலாம், வேறு குழப்பம் அதிகமில்லை. 26.5 என்றால் ஜப்பான் அல்லது மெக்சிகோ. கூடவே ஸ்பானிஷ் எழுத்து இருந்தால் மெக்சிகோ, மூன்று 'ஈ' சேர்ந்து இருந்தால் ஜப்பான், ஏனென்றால் அகலத்தை அவர்கள் ஈ, இரட்டை ஈ, மூன்று ஈ என்று எழுதுவார்கள். சிக்கல் 8-இல்தான். அது பிரிட்டனா, அமெரிக்காவா? இங்கேதான் ஒட்டி வரும் எழுத்து உதவுகிறது. பிரிட்டனில் ஆண்கள் காலணியின் சாதாரண அகலம் எஃப் அல்லது ஜி. அமெரிக்காவில் ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி. 'எட்டரை ஜி' என்று உள்ளே முத்திரை இருந்தால் அது பிரிட்டனுக்குப் போக வேண்டிய ஜோடி. 'எட்டரை டி' என்ற ஆண்கள் ஷூ அமெரிக்காவுக்கு.

எண் மட்டும் 42 என்று நின்றால் அட்டையையோ அடிப்புறத்தையோ திருப்பிப் பாருங்கள். விரித்த தோல் போன்ற ஒரு படம், வைரம் போன்ற ஒரு சதுரம், பக்கத்தில் ஷூவின் மேல்பகுதி, உள்துணி, அடிப்பகுதி என்று மூன்று குட்டிப் படங்கள் இருக்கிறதா? காலணி எதனால் ஆனது என்று இப்படிக் காட்ட வேண்டும் என்பது 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி. பிரிட்டனும் அதே முறையை வைத்திருக்கிறது. தோல் படம் என்றால் தோல், வைரம் என்றால் பிற பொருள். பிரேசிலின் உள்ளூர்ச் சந்தைக்கான ஜோடியில் இதைப் போட வேண்டிய தேவை இல்லை.

மூல எண் எது?

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: "இப்போதெல்லாம் ஷூவின் நாக்கில் நாலைந்து எண்ணை ஒன்றாகப் போட்டுவிடுகிறார்களே, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?" நியாயமான கேள்வி. பெரிய விளையாட்டுக் காலணிக் கம்பெனிகள் யுஎஸ், யுகே, எஃப்ஆர், ஜேபி என்று வரிசையாக அச்சடிக்கின்றன. ஒரே பெட்டியை எந்த நாட்டுக்கும் அனுப்பலாம் என்பதற்காக. அப்படிப்பட்ட சீட்டு எந்தச் சந்தைக்கு என்று சொல்லாது. ஆனால் இன்னொன்றைச் சொல்லும்: அந்தக் காலணி எந்த அளவுகோலில் வடிவமைக்கப்பட்டது என்பதை.

இரண்டு அளவுகோல்களின் இடைவெளி வேறு என்று பார்த்தோம். ஒன்று 8.5 மில்லிமீட்டர், மற்றது 6.67. இரண்டு ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்தது போல. ஒரு படி நேராக அமைந்துவிட்டால் அடுத்த படி அமையாது. யுகே 8 கிட்டத்தட்ட 42-இல் உட்காருகிறது. ஆனால் யுகே 7-ஐப் பாயின்ட்டில் கணக்கிட்டால் 40.6 வருகிறது. யுகே 9 போட்டால் 43.2 வருகிறது. முழு எண் கிடைப்பதில்லை.

கம்பெனி இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் தடயம். சில காலணிகளில் 42-க்கு அடுத்து 42⅔, அதற்கடுத்து 43⅓ என்று பின்ன எண்கள் வரும். அடிடாஸ் ஷூ போடுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். யுகே அரை சைஸ் என்பது 4.23 மில்லிமீட்டர். அது ஒரு பாரிஸ் பாயின்ட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே லாஸ்ட்டுகள் ஆங்கில அரை சைஸ் கணக்கில் ஏறுகின்றன, ஐரோப்பிய எண் பிறகு மொழிமாற்றிப் போட்டது என்பது அந்தப் பின்னத்திலேயே தெரிகிறது. மாறாக, ஐரோப்பிய எண்கள் 40, 41, 42 என்று சீராக ஏறி, யுகே எண்கள் 6½, 7½, 8 என்று தாண்டித் தாண்டிப் போனால், மூலம் பாரிஸ் பாயின்ட். சீராக நடக்கும் எண்தான் மூல எண், நொண்டும் எண் மாற்றி எழுதிய எண். பல நாட்டு எண் அச்சடித்த சீட்டைக் கண்டால் முதலில் இதைப் பாருங்கள். துணிக்கும் இதே விதி பொருந்தும்.

மார்பில் பாதி

இனித் துணிக்கு வருவோம். பெண்கள் மேலாடையில் ஒரே 40 எத்தனை வேடம் போடுகிறது என்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மார்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி 44. ரஷ்யாவில் அந்தப் பாதியே சைஸ், அதாவது 44. இத்தாலியிலும் ஏறக்குறைய அதே 44. ஜெர்மனியில் அந்தப் பாதியிலிருந்து 6-ஐக் கழிக்கிறார்கள், 38 ஆகிவிடுகிறது. பிரான்சில் 4 கழித்த மாதிரி 40 வரும். ஸ்பெயினும் பிரான்சோடு போகிறது. பிரிட்டனில் இதே பெண் 12, அமெரிக்காவில் 8 பக்கம்.

இப்போது திருப்பிப் பாருங்கள். சீட்டில் 40 என்று மட்டும் இருந்தால் அது ஜெர்மனியின் 92 சென்டிமீட்டர் மார்பா, பிரான்சின் 88-ஆ, இத்தாலியின் 80-ஆ? இங்கே டேப் எடுக்கலாம். உடையை விரித்து அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரட்டித்தால் உடையின் சுற்றளவு கிடைக்கும். இறுக்கமாகத் தைத்த நெய்த துணி என்றால் அதிலிருந்து உடலளவை ஓரளவு ஊகிக்கலாம். நம் பனியன் துணி இழுபடும், அதில் இந்தக் கணக்கு வழுக்கிவிடும். ஆகவே இன்னொரு வழி: குவியலில் அந்தப் பாணியில் இருக்கும் எல்லா எண்களையும் தேடுங்கள். ஒரு ஆர்டரின் சிறியதும் பெரியதும் எங்கே நிற்கின்றன? மிகச் சிறியது 34-இல் தொடங்கினால் ஜெர்மனி, ஸ்காண்டிநேவியப் பக்கம் சாயலாம். 38-இல் தொடங்கி 48, 50 வரை போனால் இத்தாலி. ஒரு பீஸைவிட ஒரு ரேஷியோ அதிகம் பேசும்.

ஜெர்மானியர்களிடம் மட்டும் இருக்கும் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். உயரத்தையும் அதே எண்ணுக்குள் ஒளித்து வைத்துவிடுவார்கள். சாதாரண உயரப் பெண்ணுக்கு 38. அதே உடல்வாகு, ஆனால் குட்டையானவர் என்றால் எண்ணைப் பாதியாக்கி 19 என்று போடுவார்கள். நெடியவர் என்றால் இரட்டித்து 76. ஆண்கள் கோட்டில் மார்பின் பாதியே எண், 100 சென்டிமீட்டருக்கு 50. குட்டையானவருக்கு 25. ஒல்லியாக நெடிதானவருக்கு 98, 102 என்று பெரிய எண்கள் வரும். பெண்கள் பேண்டில் 19 என்றோ ஆண்கள் கோட்டில் 25 என்றோ கண்டால் பிழை அச்சு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மன் மொழி பேசும் சந்தைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

ஆண்கள் கோட்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் மார்பை அங்குலத்தில் எழுதும். ஐரோப்பிய 50 அங்கே 40. எப்போதும் பத்து வித்தியாசம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெண்கள் உடையில் 0, 2, 4 என்ற எண்கள் வரிசையில் இருந்தால் அமெரிக்கா. பிரிட்டனின் வரிசை பெரும்பாலும் 6-இலோ 8-இலோதான் தொடங்கும்.

கிழக்காசிய நாடுகள் எண்ணிலேயே உடலை விவரித்துவிடும். சீனச் சீட்டில் 170/88ஏ என்று இருந்தால் உயரம் 170, மார்பு 88, எழுத்து உடல்வாகைக் குறிக்கும். மார்புக்கும் இடுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒய், ஏ, பி, சி என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஜப்பானிய ஆண்கள் கோட்டில் 92ஏ5 என்று வரும். 92 மார்பு, ஏ உடல்வாகு, 5 என்பது 170 சென்டிமீட்டர் உயரத்துக்கான குறி. ரஷ்யாவுக்கான உடையில் உயரம், மார்பு, இடுப்பு என மூன்று எண்கள் கோடு போட்டு வரும். சாய்கோடா, எழுத்தா, கிடைக்கோடா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

குழந்தை உடை

திருப்பூருக்கு மிக நெருக்கமானது குழந்தை உடை. அங்கே அளவு முறைகள் இன்னும் தெளிவாகப் பிரிகின்றன, ஏனென்றால் சில நாடுகள் குழந்தையின் உயரத்தை எழுதுகின்றன, சில நாடுகள் வயதை எழுதுகின்றன.

உயரம் எழுதும் நாடுகளில் படியைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் 6 சென்டிமீட்டர் படி: 80, 86, 92, 98, 104, 110, 116. ஜப்பானிலும் கொரியாவிலும் 10 படி: 80, 90, 100, 110. ஜப்பானில் நடுவே 95 வரும். ஆக 80 என்ற ஒற்றை எண் யாருக்கும் சொந்தமாகலாம். 110-உம் அப்படியே. ஆனால் 86 அல்லது 98 இருந்தால் ஐரோப்பா, 90 அல்லது 100 இருந்தால் கிழக்கு. இடைவெளியைப் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

வயது எழுதும் நாடுகளில் எழுதும் விதம் வேறு. பிரிட்டன் '3-4 இயர்ஸ்' என்று இரண்டு வயதைச் சேர்த்து எழுதும். பிரான்ஸ் '3 ஆன்ஸ்' என்று ஒரே வயதைப் போடும். அமெரிக்கா 2டி, 3டி, 4டி என்று டி எழுத்தைச் சேர்க்கும். அது நடை பழகும் குழந்தைகளுக்கு. பெண் குழந்தைகளுக்கு 6எக்ஸ் என்று ஒரு சைஸ் உண்டு, 6-க்கும் 7-க்கும் நடுவில். அதைக் கண்டால் வட அமெரிக்கா என்று தைரியமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பூஜ்யங்களை அடுக்கும். பிறந்த குழந்தைக்கு நான்கு பூஜ்யம், வளர வளர மூன்று, இரண்டு, ஒன்று என்று பூஜ்யம் குறைந்துகொண்டே வந்து பிறகு 1, 2, 3. 000 என்று ஒரு ஜட்டியில் பார்த்தால் அச்சுப் பிழை இல்லை, அது மெல்போர்னுக்கோ ஆக்லாந்துக்கோ போக வேண்டியது.

ஒரு பைஜாமாவைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு மாதிரியை முழுதாகப் பார்ப்போம். குழந்தைகளின் இரவு உடை, பருத்தி இன்டர்லாக் துணி, உடலோடு ஒட்டிய தையல். மெயின் லேபிள் வெட்டப்பட்டிருக்கிறது. சைஸ் லேபிளில் 3 என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் "யூஎஸ் ஆர்டர்" என்கிறார்.

முதல் சந்தேகம்: அமெரிக்கா என்றால் இந்த வயதுக்கு 3டி என்று இருக்க வேண்டும். டி இல்லை. ஐரோப்பா உயரம் போடுகிற நாடு என்றால் 98 இருந்திருக்கும். பிரிட்டன் என்றால் இரண்டு வயது சேர்ந்து வந்திருக்கும். மிச்சம் இருப்பவை பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து.

அடுத்து வாஷ்கேர் லேபிள். எந்த மொழி? ஆங்கிலம் மட்டும். பிரான்சில் விற்கும் உடையில் துணியின் கலவை பிரெஞ்சில் இருந்தாக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே பிரான்ஸ் கழிந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் இருந்தால் கனடாவை யோசித்திருப்போம்.

மூன்றாவது, ஆர்என் என்ற எழுத்துகளும் அதன் பின்னால் ஓர் எண்ணும் இருக்கிறதா? அமெரிக்காவில் துணி விற்பவர் லேபிளில் தன் பெயரைப் போட வேண்டும், அல்லது அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுத்த ஆர்என் எண்ணைப் போடலாம். மெயின் லேபிள் போன பிறகும் வாஷ்கேரில் அந்த எண் தங்கிவிடும். அந்த எண்ணை வைத்து அந்த ஆணையத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரையே கண்டுபிடிக்கலாம். நம் பைஜாமாவில் ஆர்என் இல்லை. கடைக்காரரின் அமெரிக்கக் கதை இங்கே இன்னும் தளர்கிறது.

நான்காவது, தீ எச்சரிக்கை. குழந்தைகளின் இரவு உடைக்குத் தீ பற்றிய விதி அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தனித்தனியாக இருக்கிறது. அமெரிக்காவில் ஒட்டிய பருத்தி பைஜாமா என்றால், உடை உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் நிற ஹேங்டேக் தொங்க வேண்டும். பிரிட்டனில் நெருப்பிலிருந்து விலக்கி வையுங்கள் என்ற வாசகம் வரும். நம் பைஜாமாவின் கழுத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு, தீ அபாயம் குறைவு என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். இது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கூட்டுத் தரத்தின்படி தைக்கப்படும் சீட்டு.

ஆக, 3 என்ற எண் ஒரு கதவை மட்டும் திறந்தது. மற்ற கதவுகளை மூடியது மொழியும், இல்லாத ஆர்என்னும், வெள்ளைச் சீட்டும். இந்தப் பைஜாமா அமெரிக்காவுக்குத் தைத்ததல்ல, ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ தைத்தது. அந்த இரண்டில் எது என்று இதற்குமேல் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே தரத்தில் நிற்கின்றன. அங்கே நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

எங்கே வழுக்கும்?

எஸ், எம், எல் எழுத்துகள் நாட்டைச் சொல்வதில் மிகவும் பலவீனமானவை. எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் ஒத்துப்போவதில்லை. ஜப்பானின் எல் அமெரிக்காவில் எம் அளவுக்கே வரும். எழுத்து மட்டும் இருந்தால் சைஸ் லேபிளை விட்டுவிட்டு வாஷ்கேருக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது வழுக்கல், ஏற்றுமதிச் சரக்கு போல வேடம் போடும் உள்ளூர்ச் சரக்கு. இதைப் பிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நம் உள்நாட்டு ஆண்கள் டி-ஷர்ட்டில் எம் என்றால் 38, எல் என்றால் 40, எக்ஸ்எல் என்றால் 42 என்று போடுவது வழக்கம். அவை மார்பளவு, அங்குலத்தில். ஐரோப்பாவில் அதே ஆண்கள் அளவுகள் 48, 50, 52 என்று ஓடும். ஆகவே ஒரு டி-ஷர்ட்டில் 'எல்' என்றும் அதன் கீழே 'யூரோ 40' என்றும் இருந்தால், நம் ஊர் அங்குல எண்ணுக்கு முன்னால் யாரோ யூரோ என்று சேர்த்திருக்கிறார்கள். காலர் வைத்த சட்டையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அங்கே ஐரோப்பியரும் 40 எழுதுவார்கள், ஆனால் அது கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். அதே சட்டையை அமெரிக்கர்கள் பதினைந்தரை, பதினாறு என்று அங்குலத்தில் எழுதி, பக்கத்தில் கை நீளத்தையும் போடுவார்கள். எம்ஆர்பி விலையும் அனைத்து வரிகளும் உட்பட என்ற வாசகமும் அச்சான சீட்டு தொங்கினால், அந்தப் பீஸ் நம் நாட்டுக் கடைக்கே தயாரானது என்று முடிவு கட்டலாம்.

மூன்றாவது, காலம். ஜப்பானியச் சலவைக் குறிகள் 2016 டிசம்பரில் மாறி உலகக் குறிகளோடு ஒன்றாகிவிட்டன. அதற்கு முன் அவர்களுடையது வேறு படங்கள். பழைய குறியைக் கண்டு வேறு நாடு என்று நினைத்தால் தவறு, அது பழைய ஜப்பான். பெண்கள் உடையில் அமெரிக்க எண்களும் நிலையாக நிற்கவில்லை. அங்கே அரசு 1958-இல் ஒரு தரத்தைக் கொண்டுவந்து, 1983-இல் அதைக் கைவிட்டது. அதன் பிறகு வாங்குபவர் மனம் குளிர எண்ணைச் சிறிதாகப் போடும் பழக்கம் வளர்ந்துவிட்டது. பழைய 12-ஐ இன்றைய 12-ஓடு டேப் வைத்து ஒப்பிட்டால் இரண்டும் ஒரே நாட்டுச் சைஸ் என்று நம்பவே முடியாது.

கடைசியாக, சீட்டு சொல்வது நோக்கத்தை மட்டும். ஜெர்மனிக்குத் தைத்த பீஸ் தர சோதனையில் தள்ளப்பட்டுக் காதர்பேட்டைக்கு வந்திருக்கலாம். கப்பல் தாமதத்தால் ஆர்டர் ரத்தாகி, வேறு நாட்டு வியாபாரி மொத்தமாக எடுத்திருக்கலாம். யாருக்காகத் தைத்தார்கள் என்பது ஒரு கேள்வி, யார் வாங்கினார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு லேபிளில் பதில் இருக்காது.

நம் காலின் எண்

இவ்வளவு நேரம் அடுத்த நாட்டுச் சந்தைகளைப் பார்த்தோம். நம் சந்தையின் அடையாளம் என்ன? உங்கள் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் 7, 8, 9 என்றுதான் இருக்கும். அது யுகே சைஸ், ஆங்கிலேயரின் வாற்கோதுமைக் கணக்கு. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதங்கள் பொதுவாக அகலமானவை, வெளிநாட்டு லாஸ்ட்டுகள் நமக்குக் குறுகலானவை என்பது அந்த ஆய்வில் தெரியவந்தது. பெருவிரல் பக்கம் இறுக்குகிறதே என்று ஒரு நம்பர் பெரியதாக வாங்கி, பிறகு குதிகால் கழன்று நடக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். நீளத்தின் எண்ணை வைத்து அகலத்தின் குறையை நிரப்புகிறோம். அந்த அளவீட்டை வைத்து, வயதையும் ஆண் பெண் என்பதையும் கொண்டு எட்டுப் பிரிவுகளாக 'ப' என்ற பெயரில் ஒரு இந்திய அளவு முறையை முன்மொழிந்திருக்கிறார்கள். பாரதத்தின் முதல் எழுத்து.

அந்த முறை கடைக்கு வரும்வரை, உள்நாட்டுக்கென்று செய்த செருப்பையும் பிரிட்டனுக்கென்று செய்த செருப்பையும் எண்ணை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. இரண்டிலும் 8 என்றே இருக்கும். பிரிக்க வேண்டுமென்றால் எம்ஆர்பி சீட்டையும் அகல எழுத்தையும்தான் தேட வேண்டும். கொரியனுக்கு 265 இருக்கிறது, ஜெர்மானியனுக்கு 19-உம் 76-உம் இருக்கின்றன. உலகத்துக்கெல்லாம் சீட்டு தைத்துக் கொடுக்கும் நாம் நம் காலுக்கு மட்டும் இன்னும் லண்டன் நம்பரைச் சொல்லிச் செருப்பு கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். லேபிளோடு வந்தவர்கள் முன்னால் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.